கேபின் க்ரூ ரெஸ்யூம்: ஒரே ஆள், மூன்று வடிவங்கள்

கேபின் க்ரூ வேலைக்கு முதல்முறை விண்ணப்பிக்கிறவரிடம் விமான அனுபவம் இருக்காது. அதில் ஒன்றும் குறையில்லை. தேர்வானவர்களுக்கு விமான நிறுவனங்கள் எப்படியும் பல வாரம் தாங்களே பயிற்சி கொடுக்கின்றன. அதனால் பெரும்பாலான விளம்பரங்கள் அந்த அனுபவத்தைக் கேட்பதே இல்லை. விண்ணப்பதாரர் கையில் இருப்பதெல்லாம் ஹோட்டலிலோ கடையிலோ செய்த வேலை, இரண்டு மூன்று மொழிகள், ஒரு முதலுதவிச் சான்றிதழ், வேலையிடத்தில் கிடைத்த தீயணைப்புப் பயிற்சி. இவற்றை ஒரே பக்கத்தில் எந்த வரிசையில் அடுக்குவது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள்.

நடைமுறையில் மூன்று வழிகள் உண்டு. முதலாவது கால வரிசை: கடைசியாகப் பார்த்த வேலை மேலே, பழையது கீழே. இரண்டாவது திறன் வரிசை: சேவை, மொழி, முதலுதவி, பாதுகாப்பு என்று தலைப்புகள் போட்டு, வேலை பார்த்த இடங்களைக் கடைசியில் இரண்டு வரியில் முடிப்பது. மூன்றாவது கலப்பு: மேலே நான்கைந்து வரியில் சரிபார்க்கக்கூடிய தகவல்கள், அதன் கீழே வழக்கமான கால வரிசை.

மூன்றையும் ஒரே ஆளை வைத்துப் பார்த்தால் வித்தியாசம் புரியும். கற்பனையான ஒரு விண்ணப்பதாரரை எடுத்துக்கொள்வோம். வயது 25. 2021 ஜூன் முதல் 2022 ஏப்ரல் வரை ஒரு சூப்பர் மார்க்கெட்டில் கேஷ் கவுண்டர். அடுத்த நான்கு மாதம் வேலை இல்லை. பிரெஞ்சு வகுப்புக்குப் போய், ஐரோப்பிய அளவுகோலின் ஆறு மொழி நிலைகளில் இரண்டாவதான ஏ2 தேர்வு எழுதினார். 2022 செப்டம்பரிலிருந்து இன்றுவரை ஒரு ஹோட்டலின் 90 இருக்கை உணவகத்தில் பரிமாறும் வேலை. தாய்மொழி தமிழ், ஆங்கிலம் நன்றாக வரும். இரண்டு நாள் நேரடி முதலுதவிப் பயிற்சி முடித்திருக்கிறார்; இதயம் நின்றவருக்கு மார்பை அழுத்தி மூச்சுக் கொடுக்கும் சிபிஆரும், மின்னதிர்ச்சி தரும் ஏஇடி கருவியும் அதில் அடக்கம். ஹோட்டலில் தன் மாடிக்குத் தீ விபத்துப் பொறுப்பாளராகவும் இருக்கிறார். ரெஸ்யூம் ஆங்கிலத்தில்தான் போகும்; இங்கே வரிகளைத் தமிழில் காட்டுகிறோம், சாரம் ஒன்றுதான்.

கால வரிசை: நேர்மையானது, ஆனால் முக்கியமானது புதைந்துபோகும்

இவருடைய கால வரிசை ரெஸ்யூமில் முதலில் கண்ணில் படுவது உணவக வேலை. அது நல்ல தொடக்கம்தான். ஆனால் முதலுதவியும் தீப் பொறுப்பும் பிரெஞ்சும் பக்கத்தின் அடியில் "இதர தகவல்கள்" என்ற தலைப்புக்குக் கீழே போய் ஒதுங்கிவிடும். நூற்றுக்கணக்கான விண்ணப்பங்களை வரிசையாகப் பார்க்கிறவர் மேல் பாதியை மட்டும் ஓட்டிவிட்டுப் போனால், அவர் மனதில் நிற்பது ஒரு நல்ல உணவகப் பணியாளர், அவ்வளவே.

இந்த வடிவத்தின் பலம் வேறு இடத்தில் தெரியும். விமான நிறுவனத்தின் இணைய விண்ணப்பப் படிவம் வேலை வாரியாக, தொடங்கிய மாதம், முடிந்த மாதம் என்றுதான் கேட்கும். கால வரிசை ரெஸ்யூம் அந்தப் படிவத்தோடு வரிக்கு வரி ஒத்துப்போகும். பின்னால் பின்னணிச் சரிபார்ப்பும் வரும். ஐரோப்பிய ஒன்றியத்திலும் பிரிட்டனிலும் விமான நிலையப் பாதுகாப்புப் பகுதிக்கான அனுமதிக்கு, முந்தைய 5 ஆண்டுகளின் வேலை, படிப்பு, இடைவெளிகள் எல்லாவற்றையும் பார்க்கிறார்கள். பிரிட்டனில் 28 நாளோ அதற்கு மேலோ உள்ள இடைவெளிக்கு விளக்கம் கேட்பார்கள். ஆகவே நம் விண்ணப்பதாரரின் நான்கு மாத இடைவெளி மறைக்க வேண்டிய விஷயமே இல்லை. "2022 மே – ஆகஸ்ட்: முழுநேர பிரெஞ்சு வகுப்பு, ஏ2 தேர்ச்சி" என்று ஒரு வரி எழுதினால் இடைவெளியும் அடைபடும், மொழிக்கும் ஆதாரம் கிடைக்கும். "2021–2022", "2022 முதல்" என்று வருடத்தை மட்டும் போட்டு மழுப்புகிறவர்கள்தான் பின்னால் மாட்டிக்கொள்கிறார்கள். படிவத்தில் மாதம் கேட்கும்போது ஒன்றும், ரெஸ்யூமில் வேறொன்றுமாக இருந்தால், பொய் சொன்னார் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

திறன் வரிசை: பார்க்க அழகு, நம்ப ஆதாரமில்லை

கேபின் க்ரூ ரெஸ்யூம் மாதிரி என்று தேடினால் அதிகம் சிக்குவது இந்த வகைதான். காரணமும் புரிகிறது. வேலை அனுபவம் குறைவு என்று நினைக்கிறவருக்குத் திறன் தலைப்புகள் பக்கத்தை நிரப்பித் தருகின்றன. நம் விண்ணப்பதாரருடையது இப்படி இருக்கும்:

சேவைத் திறன்: விருந்தினரை இன்முகத்தோடு கவனித்தல், புகார்களைத் திறமையாகக் கையாளுதல்.
பாதுகாப்பு: அவசர நிலைகளில் நிதானமாகச் செயல்படுதல்.
முதலுதவி: பயிற்சி பெற்றவர்.
மொழிகள்: தமிழ், ஆங்கிலம், பிரெஞ்சு.

இதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. ஆனால் எந்த வரியும் எங்கே, எப்போது நடந்தது என்று சொல்லவில்லை. "புகார்களைத் திறமையாகக் கையாளுதல்" என்பது கேஷ் கவுண்டரில் நடந்ததா, உணவகத்திலா? முதலுதவிப் பயிற்சி போன மாதம் முடித்ததா, பள்ளி நாளில் எடுத்ததா? படிக்கிறவருக்குத் தெரியாது. இதே வரிகளை ஆயிரம் பேர் எழுதுகிறார்கள் என்பது மட்டும் அவருக்கு நன்றாகத் தெரியும். இன்னொன்றும் உண்டு. திறன் வரிசையைப் பார்த்ததும் அனுபவமுள்ள ஆட்தேர்வாளருக்கு முதலில் எழும் சந்தேகம், "எதை மறைக்கப் பார்க்கிறார்?" என்பது. மறைக்க ஒன்றுமில்லாதவர் அந்தச் சந்தேகத்தை ஏன் தானே போய் வாங்கிக்கொள்ள வேண்டும்?

கலப்பு: இவருக்கு ஏற்றது

மேலே நான்கு வரிகள், ஒவ்வொன்றிலும் சரிபார்க்க முடிந்த விஷயம் மட்டும்:

உணவக, சில்லறை விற்பனைச் சேவை: 2021 ஜூன் முதல் (2022 மே – ஆகஸ்ட் தவிர).
மொழிகள்: தமிழ் – தாய்மொழி, ஆங்கிலம் – சி1 சுய மதிப்பீடு, பிரெஞ்சு – ஏ2 (2022 தேர்வு).
முதலுதவி: நேரடிப் பயிற்சி 2 நாள், சிபிஆர், ஏஇடி, சான்றிதழ் முடியும் மாதம், ஆண்டு.
பாதுகாப்பு: ஹோட்டல் மாடித் தீப் பொறுப்பாளர்; பொறுப்பேற்ற மாதம், ஆண்டு.

அதன் கீழே கால வரிசை. மேல் வரிகள் "என்ன இருக்கிறது" என்பதற்கு, கீழ் வரிகள் "அதை எங்கே பயன்படுத்தினார்" என்பதற்கு. ஒரே விஷயத்தை இரண்டு இடத்திலும் எழுதக் கூடாது என்பதுதான் இந்த வடிவத்தில் கவனிக்க வேண்டிய ஒன்று. மேலே தீப் பொறுப்பாளர் என்று பெயர் வந்துவிட்டால், கீழே உணவக வேலைக்கு அடியில் அவர் செய்த காரியம் வர வேண்டும்: எத்தனை ஒத்திகை, யாரை எந்த வாசலுக்குக் கூட்டிப்போனார் என்று.

மேல் பகுதி ஐந்து வரியைத் தாண்டினால் அது திறன் வரிசையாகவே மாறிவிடும். "உற்சாகமும் அர்ப்பணிப்பும் மிக்கவர், வானமே எல்லை" மாதிரியான முன்னுரைப் பத்திக்கும் இங்கே இடமில்லை. அந்தப் பத்தி பிடிக்கிற இடத்தில் மொழி நிலையும் சான்றிதழ்த் தேதியும் உட்காரட்டும்.

சேவை வரிகளை எழுதுவது எப்படி

மூன்று வடிவங்களில் எதை எடுத்தாலும் ரெஸ்யூமின் எடை இந்த வரிகளில்தான். "வாடிக்கையாளர்களுக்குச் சிறந்த சேவை அளித்தேன்" என்பதை அடித்துவிட்டு நான்கு விஷயங்களைத் தேட வேண்டும்: எத்தனை பேர், எவ்வளவு நேரத்துக்குள், யாரோடு சேர்ந்து, எது தவறிப்போகும்போது என்ன செய்தார்.

எண்ணுக்குக் கண்ணை மூடிக்கொண்டு கற்பனை செய்ய வேண்டாம். ஷிஃப்ட் அட்டவணையை எடுங்கள். இருக்கைகள் 90, மாலை ஷிஃப்டில் பரிமாறுகிறவர்கள் நான்கு பேர் என்றால் ஓர் ஆளுக்கு ஏறக்குறைய 22 பேர். "மாலை ஷிஃப்டில் ஒரே நேரத்தில் சுமார் 22 பேர்" என்று எழுதலாம். நேர்காணலில் துருவிக் கேட்டாலும் கணக்குச் சொல்ல முடியும். ஒப்பிட ஒரு அளவு: பல நாடுகளின் விதிப்படி விமானத்தில் 50 இருக்கைக்குக் குறைந்தது ஒரு கேபின் க்ரூ இருக்க வேண்டும். ஆக இந்த எண் ஆட்தேர்வாளருக்குப் பழக்கமான உலகத்திலேயே விழுகிறது. "தினமும் 500 பேருக்குச் சேவை" என்று அடித்துவிடுகிறவரிடம், "உங்கள் உணவகத்தில் எத்தனை மேசை?" என்ற ஒரே கேள்வி போதும்.

அடுத்தது, விமானத்துக்குள் அப்படியே நடக்கக்கூடிய காரியங்களைத் தேர்ந்தெடுப்பது. உணவக வேலையில் பத்துக் கடமைகள் இருக்கும். மேசை துடைத்ததும் அதில் ஒன்றுதான், ஆனால் அதை எழுதிப் பயனில்லை. இரண்டு மட்டும் பொறுக்கி எடுக்கச் சொன்னால் எங்கள் தேர்வு இவை.

ஒன்று, ஒவ்வாமை. விருந்தினர் வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாது என்று சொல்கிறார். பணியாளர் அதை ஆர்டர் சீட்டில் எழுதி, சமையலறையில் வாய்மொழியாகவும் சொல்லி, தட்டைக் கொண்டுவரும்போது விருந்தினரிடம் மீண்டும் உறுதிசெய்கிறார். ரெஸ்யூமில்: "ஒவ்வாமை ஆர்டர்களை எழுத்திலும் வாய்மொழியிலும் சமையலறைக்குத் தெரிவித்து, பரிமாறும்போது மறுபடி உறுதிசெய்தேன்." பறக்கிற விமானத்தில் ஆம்புலன்ஸ் வராது. இந்தப் பழக்கம் எதற்காகும் என்று படிக்கிறவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

இரண்டு, மது. ஒருவர் அளவு மீறுகிறார் என்று தெரிந்ததும் அடுத்த கோப்பையை மறுப்பது, சத்தம் போடாமல் மறுப்பது, மேற்பார்வையாளருக்கு உடனே சொல்வது. கேபின் க்ரூ செய்யும் வேலைகளில் மிகக் கடினமானவற்றுள் இதுவும் ஒன்று. அதைத் தரையில் செய்து பழகியவர் என்பது, "சிரித்த முகம்" என்று எழுதுவதைவிடப் பல மடங்கு பேசும். சிரித்த முகம் நேர்காணல் அறைக்குள் நுழைந்ததுமே தெரிந்துவிடும். ரெஸ்யூமில் எழுத வேண்டிய அவசியமில்லை.

கேஷ் கவுண்டர் வேலைக்கு இரண்டு வரி போதும். விமானத்தில் பொருள் விற்பனையும் நடப்பதால், ஷிஃப்ட் முடிவில் கல்லாக் கணக்கை ஒப்படைத்தது அதில் ஒன்றாக இருக்கட்டும். அதிகாலை, இரவு ஷிஃப்ட் பார்த்திருந்தால் அது இன்னொன்று. விமானப் பணியின் நேரமும் அப்படித்தான் இருக்கும்.

மொழி: "சரளம்" என்ற சொல்லை விடுங்கள்

மொழிகளைக் காட்டுவதில் மூன்று பாணிகள் புழங்குகின்றன. "சரளம், நடுத்தரம், அடிப்படை" என்று சொல்லில் எழுதுவது ஒன்று. ஐந்து நட்சத்திரத்தில் நான்கைக் கறுப்பாக்குவது இன்னொன்று. ஐரோப்பிய மொழி நிலை அளவுகோலான ஏ1 முதல் சி2 வரை உள்ள ஆறு நிலைகளில் குறிப்பது மூன்றாவது.

நட்சத்திரத்தை முதலில் கழித்துக்கட்டலாம். நான்கு நட்சத்திரம் என்றால் என்ன என்பது யாருக்கும் தெரியாது. படமாக இருப்பதால் விண்ணப்பங்களை வடிகட்டும் மென்பொருளும் அதைப் படிக்காமல் போக வாய்ப்புண்டு. "சரளம்" என்பதோ எழுதுகிறவரின் தன்னம்பிக்கையை அளக்கிறதே தவிர மொழியை அளப்பதில்லை. நிலைக் குறியீடு மட்டுமே இரண்டு பக்கமும் ஒரே பொருளில் புரிந்துகொள்ளக்கூடியது. தேர்வு எழுதியிருந்தால் ஆண்டோடு எழுதுங்கள். எழுதாவிட்டால் "சுய மதிப்பீடு" என்று சேர்த்துவிடுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சுய மதிப்பீட்டுக்கு ஒரு சின்னச் சோதனை. அந்த மொழியில் "என்ன குடிக்கிறீர்கள், ஐஸ் வேண்டுமா?" என்று கேட்டு, வரும் பதிலைப் புரிந்துகொள்ள முடிந்தால் ஏ2 அளவு. கேட்ட உணவு தீர்ந்துவிட்டது என்று சொல்லி, கோபப்பட்டவரிடம் காரணமும் விளக்கி, மாற்று ஒன்றை ஏற்க வைக்க முடிந்தால் பி2 பக்கம் வந்துவிட்டீர்கள். நம் விண்ணப்பதாரர் பிரெஞ்சில் முதலாவதை மட்டுமே செய்கிறார். ஆகவே ஏ2 என்றே எழுத வேண்டும், "பிரெஞ்சு தெரியும்" என்று எழுதக் கூடாது. அந்த மொழி பேசுகிற ஒருவர் நேர்காணல் குழுவில் இருந்தால் இரண்டாவது கேள்வியிலேயே சாயம் வெளுத்துவிடும். வெளுத்த பிறகு மற்ற வரிகளையும் அதே கண்ணோடுதான் பார்ப்பார்கள்.

மாறாகப் பலர் செய்யும் தவறு, தாய்மொழியை எழுதாமல் விடுவது. வீட்டில் பேசுகிற மொழிதானே என்ற நினைப்பு. ஒரு வழித்தடத்தில் அந்த மொழி பேசும் பயணிகள் ஏறுகிறார்கள் என்றால், அதைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்தான் அந்த நிறுவனத்துக்குத் தேவை. அதுவே முதல் வரியில் இருக்கட்டும். எழுதப் படிக்கத் தெரியாமல் பேச மட்டும் தெரிந்த மொழி என்றால் "பேச்சு மட்டும்" என்று குறிப்பிட்டால் போதும். அறிவிப்புத் தாளைக் கொடுத்து வாசிக்கச் சொல்லும்போது சங்கடம் வராது.

முதலுதவி: எந்தச் சான்றிதழுக்கு என்ன எடை

ரெஸ்யூமில் போடுவதற்காகவே சான்றிதழ் வாங்க நினைப்பவர் முன்னால் மூன்று வகை இருக்கின்றன. வீட்டிலிருந்தே இரண்டு மணி நேரத்தில் முடிக்கும் இணைய வகுப்பு; பொம்மை மேல் கைவைத்துப் பழகும் நேரடிப் பயிற்சி; கேபின் க்ரூ பயிற்சி நிலையங்கள் பல மாதப் படிப்போடு சேர்த்துத் தரும் சான்றிதழ்.

மூன்றுமே விமான நிறுவனத்தின் சொந்தப் பயிற்சிக்கு மாற்று ஆகாது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். வேலையில் சேர்ந்த பிறகு முதலுதவியைத் திரும்பவும் முதலிலிருந்து கற்றுக்கொடுப்பார்கள். விமானத்தில் இருக்கும் ஆக்சிஜன், மருந்துப் பெட்டி, ஏஇடி கருவியை வைத்துக் கற்றுக்கொடுப்பார்கள். ஆகவே சான்றிதழ் உங்களைத் தகுதியாக்குவதில்லை. ஒருவர் தரையில் கிடக்கும்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்க மாட்டார் என்பதற்கு அது ஓர் அடையாளம், அவ்வளவுதான். அந்த அடையாளத்தை நேரடிப் பயிற்சிதான் தரும்.

ஏன் என்றால், மார்பில் அழுத்துவது படித்து வருகிற விஷயமில்லை. பெரியவர்களுக்கு 5 முதல் 6 செ.மீ. ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 30 அழுத்தலுக்கு 2 மூச்சு. எண்களை ஒரு மாலையில் மனப்பாடம் செய்துவிடலாம். பொம்மையில் முதல்முறை செய்கிறவர் பெரும்பாலும் ஆழம் போதாமல் அழுத்துவார், அல்லது வேகம் பிடித்துக்கொண்டு மார்பு முழுதாக மேலெழ விடமாட்டார். இரண்டு நிமிடத்தில் கை சோர்ந்துவிடும். பக்கத்தில் பயிற்றுநர் நின்று திருத்தினால்தான் இது சரியாகும். நேர்காணலில் "சிபிஆர் செய்யும்போது எது கஷ்டம்?" என்று கேட்டால், பொம்மையைத் தொட்டவரும் தொடாதவரும் சொல்லும் பதில் ஒன்றாக இருக்காது.

எழுதும்போது நான்கு விவரம் வேண்டும்: பயிற்சியின் பெயர், நடத்திய அமைப்பு, நேரடியா இணையமா, முடியும் தேதி. இவற்றில் முடியும் தேதியைத்தான் அதிகம் பேர் விட்டுவிடுகிறார்கள். அமெரிக்க இதயச் சங்கத்தின் அடிப்படை உயிர்காப்பு அட்டை 2 ஆண்டுக்கே செல்லும். மற்ற அமைப்புகளும் அவரவர் காலவரையறை வைத்திருக்கின்றன. விண்ணப்பத்திலிருந்து நேர்காணல் வரை மாதக்கணக்கில் ஆகலாம் என்பதால், அதற்குள் முடியப்போகும் சான்றிதழை முன்கூட்டியே புதுப்பித்துக்கொள்வது நல்லது. முடிந்துவிட்டதை "பயிற்சி பெற்றவர்" என்று பொதுவாக எழுதி ஒப்பேற்ற வேண்டாம்; "புதுப்பிப்புக்குப் பதிவு செய்துள்ளேன்" என்று மாதத்தோடு எழுதலாம், உண்மையாகவே பதிவு செய்திருந்தால்.

வேலையிடத்தில் முதலுதவியை நிஜமாகவே செய்ய நேர்ந்திருந்தால் அதை ஒரே வரியில், ஆரவாரமில்லாமல் எழுதுங்கள். நம் விண்ணப்பதாரரின் உணவகத்தில் ஒருவருக்கு உணவு தொண்டையில் அடைத்தது என்று வைத்துக்கொள்வோம். "ஓர் உயிரைக் காப்பாற்றினேன்" என்பது வேண்டாம். "மூச்சடைத்த விருந்தினருக்கு முதுகில் தட்டி அடைப்பை நீக்கினேன், மேலாளருக்குத் தெரிவித்து, சம்பவப் பதிவேட்டில் எழுதினேன்" என்பது போதும். படிக்கிறவருக்குப் பின்பாதிதான் அதிகம் பிடிக்கும். செய்து முடித்ததும் தெரிவிப்பதும் பதிவதும் கேபின் க்ரூ வேலையின் அன்றாடப் பகுதி. விருந்தினரின் பெயரோ உடல்நிலை விவரமோ வரக் கூடாது.

பாதுகாப்புப் பயிற்சி: பெரிய பெயரில் ஆபத்து

பயிற்சி நிலையங்களில் படித்தவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். அங்கே விமானக் கேபின் மாதிரி ஒன்றுக்குள் உட்கார வைத்து, உயிர்காப்புச் சட்டை போடப் பழக்கி, "விமானப் பாதுகாப்பும் அவசர நடைமுறையும்" என்று சான்றிதழ் தருவார்கள். அதை அப்படியே ரெஸ்யூமில் ஏற்றினால், விமான நிறுவனங்கள் தங்கள் க்ரூவுக்குத் தரும் அதிகாரபூர்வப் பயிற்சியை முடித்தவர் போலத் தோன்றும். ஐரோப்பிய ஒன்றியத்தில் கேபின் க்ரூ அத்தாட்சி என்று சட்டப்படியான ஒன்று உண்டு. அதற்கான பயிற்சியை அங்கீகரிக்கப்பட்ட அமைப்போ விமான நிறுவனமோதான் நடத்த முடியும். அது கையில் இருந்தால் தாராளமாக முதல் வரியில் போடலாம். மற்றபடி, "மாதிரிக் கேபினில் அறிமுகப் பயிற்சி, இத்தனை மணி நேரம்" என்று உள்ளதை உள்ளபடி எழுதுவதே உசிதம்.

அந்த அறிமுகப் பயிற்சியைவிட நம் விண்ணப்பதாரரின் ஹோட்டல் தீப் பொறுப்பு கனமானது என்பது எங்கள் கருத்து. அங்கே நிஜ மனிதர்கள், நிஜ வாசல்கள். "ஆண்டுக்கு 2 வெளியேற்ற ஒத்திகைகளில் என் மாடியின் அறைகளைச் சரிபார்த்து, விருந்தினரை மாற்றுப் படிக்கட்டு வழியாக ஒன்றுகூடும் இடத்துக்கு அனுப்பி, தலை எண்ணிக்கை ஒப்படைத்தேன்." இந்த ஒரு வரியில் தேடுவது, வழிகாட்டுவது, எண்ணுவது, அறிக்கை கொடுப்பது எல்லாம் வந்துவிடுகின்றன. தீயணைப்பான் பயிற்சி எடுத்திருந்தால் எந்த வகையைக் கையாண்டார் என்பதையும் சேர்க்கலாம்: தண்ணீரா, கார்பன் டை ஆக்சைடா, உலர் பொடியா. நீச்சல் தெரிந்தால் "தெரியும்" என்று விடாமல் எத்தனை மீட்டர் நிற்காமல் நீந்துவார் என்று எழுதினால் அதற்கும் பொருள் வரும்.

கலப்பு யாருக்குப் பொருந்தாது

ஏற்கெனவே இன்னொரு நிறுவனத்தில் க்ரூவாகப் பறப்பவருக்குக் கால வரிசையே போதும். எந்த ரக விமானம், எத்தனை ஆண்டு என்ற விவரம் முதல் வேலைக்குள்ளேயே வந்துவிடும். செவிலியராகவோ நீச்சல்குள உயிர்காப்பாளராகவோ இருந்து வருகிறவருக்கு மேல் வரிகளின் வரிசை மாற வேண்டும், முதலுதவி முதலில். ஆனால் அவர் சேவை அனுபவத்தைத் தேடி எடுத்து எழுதாவிட்டால், மருத்துவத்திலிருந்து ஏன் வருகிறார் என்ற கேள்வி பதிலில்லாமல் நிற்கும். படிப்பு முடித்து இன்னும் வேலைக்கே போகாதவருக்குத் திறன் வரிசையைத் தவிர வழியில்லை என்று தோன்றும். அவரும் கல்லூரி விழாவில் விருந்தினர் பொறுப்பு, தன்னார்வப் பணி என்று தேதியோடு எழுதக்கூடியதை எழுதிக் கலப்புக்கு வருவதே நல்லது. எமிரேட்ஸ் மாதிரி குறைந்தது ஓராண்டு விருந்தோம்பல் அல்லது வாடிக்கையாளர் சேவை அனுபவம் கேட்கும் நிறுவனங்களில், எந்த வடிவமும் அந்த ஓராண்டை உண்டாக்கித் தராது.

அனுப்புவதற்கு முன்

உயரம், எட்டும் உயரம் ஆகியவற்றை விளம்பரம் கேட்டால் மட்டும் எழுதுங்கள். எமிரேட்ஸ் 160 செ.மீ. உயரமும், நுனிக்காலில் நின்று 212 செ.மீ. எட்டுவதும் கேட்கிறது, தலைக்கு மேலே உள்ள அடுக்கில் பாதுகாப்புக் கருவிகள் இருப்பதுதான் காரணம். செருப்பைக் கழற்றிவிட்டு, சுவரில் அளவு நாடாவை ஒட்டி, குதிகாலைத் தூக்கி விரல் நுனி தொடும் இடத்தைப் பார்த்து எழுதுங்கள். நேர்காணல் நாளில் அவர்களே அளப்பார்கள்.

புகைப்படமும் அப்படித்தான். வளைகுடா நிறுவனங்கள் படம் கேட்பது வழக்கம். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் ரெஸ்யூமில் படம் ஒட்டாமல் இருப்பதே வழக்கம். கேட்கிற இடத்தில் தனிக் கோப்பாக ஏற்றிவிட்டு, ரெஸ்யூமை எழுத்தாகவே விட்டுவிட்டால் இரண்டு இடத்துக்கும் ஒரே கோப்பு ஆகும்.

வடிவமைப்பில் ஒரே பத்தி அகலம், ஒரு பக்கம், பிடிஎஃப். இடது பக்கம் வண்ணப் பட்டை, அதற்குள் மொழியும் சான்றிதழும் என்று இரண்டு நிரலாகப் பிரித்த மாதிரிகள் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கும்; விண்ணப்பங்களை வடிகட்டும் மென்பொருள் படிக்கும்போது இரண்டு நிரலையும் கலந்து கொட்டிவிடக்கூடும். இதைச் சோதிக்க ஒரு நிமிடம் போதும். பிடிஎஃபைத் திறந்து எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து நகலெடுத்து, வெறும் நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். "பிரெஞ்சு – ஏ2" என்ற வரி கேஷ் கவுண்டர் வேலைக்கு நடுவில் போய் உட்கார்ந்திருந்தால், அந்த மென்பொருளும் உங்கள் ரெஸ்யூமை அப்படியே படிக்க வாய்ப்புண்டு. நிரலைக் கலைத்துவிட்டு மறுபடி ஒட்டிப் பாருங்கள்.